அட்வான்ஸ் கைக்கு வந்தாச்சு, ஷெட் இன்னும் நிக்கல: எவ்வளவு வருமானம்?

திருவொற்றியூர் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர்: மணலியில ஒரு கம்பெனிக்கு இரும்பு ஷெட் போட்டுத் தர்றோம். ஒப்பந்தம் 60 லட்சம், ஜிஎஸ்டி தனி. 18 லட்சம் அட்வான்ஸ் வாங்கியாச்சு. மார்ச் 31 வரைக்கும் 24 லட்சம் செலவு. மொத்தச் செலவு 48 லட்சம் ஆகும். பாதி செலவாயிடுச்சே, 30 லட்சம் வருமானம்னு ஆடிட்டர் ஆபீஸ் பையன் சொல்றார். சரியா?

பதில்: வழி சரி, தொகை தப்பு. அட்வான்ஸ் வருமானமே இல்லை, வேலை நடக்கும் வரை நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி. நடந்த வேலையைச் செலவை வைத்து அளக்கலாம், கணக்குத் தரம் ஏஎஸ் 7 அதைத்தான் சொல்கிறது. ஆனால் 24 லட்சமும் வேலையாக மாறிவிட்டதா என்று பாருங்கள். சாத்தாங்காட்டில் வாங்கி யார்டில் வெட்டாமல் கிடக்கும் பிளேட் எவ்வளவு? கிரேன்காரருக்கு முன்பணம் கொடுத்தீர்களா?

பட்டறைக்காரர்: பிளேட் 3 லட்சம். எரெக்‌ஷனுக்கு 3 லட்சம் கொடுத்தோம், கிரேன் இன்னும் வரல.

பதில்: அந்த 6 லட்சத்தையும் கழியுங்கள். மிச்சம் 18 லட்சம், 48 லட்சத்தில் 37.5 சதவீதம். 60 லட்சத்தில் 37.5 சதவீதம் 22.5 லட்சம், அதுதான் இந்த வருட வருமானம். லாபம் 4.5 லட்சம். அட்வான்ஸ் 18 லட்சத்தை இதில் கழித்தால், மீதி 4.5 லட்சம் பில் போடாத வரவாகச் சொத்துப் பக்கம் நிற்கும்.

பிளேட் வேறு எந்த வேலைக்கும் போகக்கூடியது, அதனால்தான் ஒதுக்குகிறோம். இதே ஷெட்டுக்காக அளந்து வெட்டி, ஓட்டை போட்டு, மார்க் நம்பர் எழுதி அடுக்கிவைத்த பர்லின் என்றால், இன்னும் ஏற்றாவிட்டாலும் செலவில் சேரும். மார்ச் 31 அன்று யார்டை போட்டோ எடுத்து, எடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட் நேரத்தில் எப்போதும் இங்கேதான் சண்டை வரும்.

மண்ணடியில இருந்து ஒரு கணக்கர்: நான் பில் தேதியைத்தான் பார்ப்பேன். பில் போட்டா வருமானம், போடலைன்னா இல்ல.

பதில்: இரும்பை விற்று, லோடு ஏற்றி அனுப்பும் வியாபாரத்துக்கு உங்கள் வழி பெரும்பாலும் ஒத்துவரும். பொருளும் பொறுப்பும் கைமாறும் அன்றே பில்லும் போகும். இங்கே வேலை மாதக்கணக்கில் ஓடுகிறது. மார்ச் 30-ல் மொத்தப் பில் போட்டால், நிற்காத ஷெட்டுக்கும் லாபம் வந்துவிடும்.

பெரம்பூர் டியூஷன் சென்டர்: என் கேஸ் வேற. ஜூன்ல வருஷ ஃபீஸ் 24,000 வாங்கறேன், மே வரைக்கும் வகுப்பு.

பதில்: மார்ச் முடிய 10 மாதம், 20,000 வருமானம். 4,000 அடுத்த வருடத்துக்கு. ஃபீஸ் திருப்பித் தரப்படாது என்று ரசீதில் போட்டிருந்தாலும் இது மாறாது.

ராயபுரம் கான்ட்ராக்டர்: மார்ச்சில அட்வான்ஸ் வந்துச்சு, டிடிஎஸ் பிடிச்சுட்டாங்க, 26AS-ல தெரியுது. வேலை ஏப்ரல்லதான். வருமானமா காட்டலைன்னா நோட்டீஸ் வருமா?

பதில்: வரலாம், பதில் கையில் இருந்தால் பயமில்லை. அந்த டிடிஎஸ் கிரெடிட்டை ரிட்டர்னில் அடுத்த வருடத்துக்கு நகர்த்துங்கள். வருமானம் எந்த வருடமோ கிரெடிட்டும் அந்த வருடம் என்பதுதான் விதி. 26AS தொகைக்கும் உங்கள் வருமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஜிஎஸ்டியை இதோடு குழப்பவேண்டாம். தரையில் ஊன்றும் வேலை சேவையாகக் கருதப்படுவதால் அட்வான்ஸ் வந்த மாதமே வரி. GSTR-1 ரிட்டர்னில் 11A அட்டவணையில் காட்டி, பில் போடும் மாதம் 11B அட்டவணையில் கழித்துக்கொள்ளுங்கள். வெறும் பொருள் விற்பனைக்கு 2017 நவம்பரிலிருந்து அட்வான்ஸ் மேல் ஜிஎஸ்டி இல்லை, காம்போசிஷன்காரர் தவிர.

பட்டறைக்காரர்: இரும்பு விலை ஏறி, மொத்தச் செலவு 63 லட்சம் ஆகுதுன்னா?

பதில்: 3 லட்சம் நஷ்டம் முழுவதையும் இந்த வருடமே புத்தகத்தில் எழுத வேண்டும். வருமான வரிக் கணக்கில் அப்படி விடமாட்டார்கள், வருமான வரிக்கான கணக்குத் தரம் ஐசிடிஎஸ் 3-ன்படி முடிந்த வேலையின் அளவுக்குத்தான் நஷ்டம். இரண்டுக்கும் தனித்தனி ஷீட் வேண்டும்.

பட்டறைக்காரர்: இன்னொரு கூரை சேர்க்கச் சொல்லி அவங்க சைட் இன்ஜினியர் வாட்ஸாப்ல அனுப்பினார். 2 லட்சம். அதையும் 60-ல சேர்க்கலாமா?

பதில்: கொள்முதல் பிரிவு ஒப்புக்கொள்ளும் வரை நான் சேர்க்கமாட்டேன். சைட் இன்ஜினியருக்குத் தொகை ஒத்துக்கொள்ளும் அதிகாரம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

மண்ணடி கணக்கர்: இதுவரை அவர் சொன்னதுக்கெல்லாம் அந்தக் கம்பெனி பணம் கொடுத்திருந்தா, அதுவே ஒப்புதல்தானே?

பதில்: அது வலுவான வாதம். பழைய பில்களை எடுத்துவாருங்கள். தொகையும் எழுத்தில் இருந்தால் நான் மனதை மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் 60-லேயே நிற்பேன்.