தூங்கி எழுந்ததும் தொங்கிப்போன கை

கேள்வி: சளி மாத்திரை போட்டுக்கொண்டு, வலது கையைத் தலைக்கு அடியில் வைத்து அசந்து தூங்கினேன். காலையில் மணிக்கட்டு தொங்கிவிட்டது, விரல்களை நீட்ட முடியவில்லை. வலி இல்லை. 10 நாளாகியும் அப்படியே இருக்கிறது. இது பக்கவாதமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரேடியல் நரம்பு நசுங்கியதுபோல்தான் தெரிகிறது. இந்த நரம்பு மேற்கை எலும்பின் பின்புறத்தைச் சுற்றி, எலும்பை ஒட்டியே இறங்குகிறது. அங்கே தலையின் பாரம் மணிக்கணக்கில் அழுத்தினால் நரம்பு செயலிழக்கும். சாதாரணமாகக் கை மரத்தவுடன் தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோ மதுவோ உள்ளே போயிருந்தால் அந்த எச்சரிக்கை எட்டுவதில்லை.

பக்கவாதம் இல்லை என்பதை நேரில் ஒரு மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். இன்னும் காட்டவில்லை என்றால் இன்றே போங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, காலும் தளர்வது என ஏதாவது இருந்தால் உடனடியாக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மருத்துவர் உங்கள் கையைத் தடுத்துப் பிடித்தபடி முழங்கையை நீட்டச் சொல்வார். அதற்கான தசைக்குப் போகும் கிளைகள் பெரும்பாலும் நசுங்கிய இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், அந்த வலு குறையாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம் மரத்திருக்கிறதா என்றும் பார்ப்பார். பிடியும் தளர்ந்ததுபோல் தோன்றும், ஆனால் அது பெரும்பாலும் மணிக்கட்டு மடங்கி இருப்பதால்தான். அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கையை மூடிப் பாருங்கள், பிடி இறுகும்.

மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளிண்ட் இதனால்தான் முக்கியம். போட்டுக்கொண்டால் சாப்பிடலாம், எழுதலாம். தினமும் சில முறை அதைக் கழற்றி, இடது கையால் வலது மணிக்கட்டையும் விரல்களையும் முழுவதுமாக நிமிர்த்தி மடக்குங்கள். இல்லாவிட்டால் நரம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் மூட்டு இறுகிப்போயிருக்கும். வைட்டமின் ஊசிகளால் இது சீக்கிரம் சரியாகும் என்று நான் நம்பவில்லை, உடலில் குறைபாடு இருந்தால் ஒழிய.

அழுத்தத்தில் நரம்பின் மேலுறை மட்டும் சிதைந்திருந்தால் சில வாரங்களிலிருந்து 2, 3 மாதத்துக்குள் தேறிவிடும். பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். உள்ளிழை அறுந்திருந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் பல மாதம் பிடிக்கும். இரண்டில் எது என்பதை நரம்புக் கடத்தல் பரிசோதனையும், தசையின் மின் செயல்பாட்டைப் பதியும் இ.எம்.ஜி.யும் சொல்லும். ஆனால் முதல் வாரத்தில் எடுத்தால் முடிவு ஏமாற்றும். 3 வாரம் கழிந்தபின் எடுப்பதே பயன் தரும்.

இதற்கு முன் வேறு கையோ காலோ இப்படி லேசான அழுத்தத்திலேயே செயலிழந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நரம்புகள் எளிதில் நசுங்கும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. சர்க்கரை நோயும் நரம்பைப் பலவீனமாக்கும்.

அப்புறம், தேறும்போது மணிக்கட்டுதான் முதலில் நிமிரும். விரல்கள் பின்னால் வரும், கட்டைவிரல் கடைசி. மணிக்கட்டு எழுந்தும் கட்டைவிரல் அசையவில்லையே என்று பதறி, ஸ்பிளிண்ட்டை மாற்றச் சொல்லாதீர்கள். 3 மாதமாகியும் எதுவுமே அசையவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.