அப்டேட்டுக்குப் பின் லைப்ரரி காலி: வரைந்த குறிப்புகளை மீட்பது

"கானாடுகாத்தான் வீட்டு முகப்பு, வளவு அளவெல்லாம் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் பேனாவால் குறித்து வைத்திருந்தேன். குறிப்பு ஆப் அப்டேட் ஆனதும் அதன் லைப்ரரி காலி. திரும்பக் கிடைக்குமா?"

கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆப்பை நீக்காதீர்கள், Clear data பக்கமே போகாதீர்கள். உடனே வைஃபையை அணையுங்கள். காலி லைப்ரரி கிளவுடோடு சிங்க் ஆனால் அங்கே இருப்பதும் அழியலாம்.

குறிப்புகள் பெரும்பாலும் தனித்தனி ஃபைல்களாகவே கிடக்கும். லைப்ரரி என்பது அவற்றின் பட்டியல் மட்டும். அப்டேட் அந்தப் பட்டியலைப் புதிதாகத் தொடங்கியிருந்தால், ஃபைல் இருந்தும் திரையில் வராது.

Settings > Apps போய் அந்த ஆப்பின் Storage அளவைப் பாருங்கள். User data நூற்றுக்கணக்கான எம்பி காட்டினால் குறிப்புகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன. ஓரிரு எம்பி என்றால் ஆப்புக்குள் பெரும்பாலும் இல்லை, பழைய பிடிஎஃப், கிளவுட் பிரதிகளைத் தேடுங்கள்.

தேவகோட்டையில் ஒரு வீட்டை அளந்தபோது எனக்கும் இதே கதி. User data 900 எம்பி காட்டியது. யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, Android/data உள்ளே அந்த ஆப்பின் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்தேன். ஃபைல் பெயரெல்லாம் எண்ணும் எழுத்துமாக இருந்தன. தேதிவாரியாக அடுக்கினேன், ஆத்தங்குடிக் கல் பூவை வரைந்த நாள் நினைவிருந்ததால் அந்தப் பக்கம் முதலில் சிக்கியது. பிறகு ஒவ்வொன்றாக Import செய்தேன்.

சில ஆப்கள் கேபிளில் தெரியாத உள் இடத்தில் சேமிக்கும். அப்படியானால் Storage திரையைப் படமெடுத்து ஆப் தயாரித்தவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். கூகுள் தானியங்கி பேக்கப்பை நம்பி ரீஇன்ஸ்டால் செய்ய வேண்டாம், அது ஓர் ஆப்புக்கு 25 எம்பி வரைதான்.