குழந்தை சீரியல் பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

கும்பகோணத்தில் இருக்கிறோம். 8 மாதக் குழந்தைக்குக் கடை சீரியல் வாங்கலாமா? சர்க்கரை இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாங்கலாம், ஆனால் பின்பக்க அட்டவணையைப் படித்துவிட்டு. 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 24 கிராம், சேர்த்த சர்க்கரை 10 கிராம் என்று போட்டிருந்தால், மீதி 14 பெரும்பாலும் பால்பொடியில் இயல்பாக இருப்பது. அதற்குப் பயப்பட வேண்டாம். அந்த 10தான் சிக்கல். ஒரு வேளைக்கு 25 கிராம் கரைத்தாலே அரை டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகும். 2 வயது வரை அது தேவையே இல்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் உடம்பில் சர்க்கரை மாதிரிதான் சீக்கிரம் ஏறும், ஆனால் இந்தச் சர்க்கரைக் கணக்கில் வராது. பொருள் பட்டியலில் முன்வரிசையில் இருந்தால் அந்த பாக்கெட்டை வைத்துவிடுங்கள்.

சேர்த்த சர்க்கரை 0, இரும்புச்சத்து சேர்த்தது என்றால் காசு கொடுக்கலாம். வீட்டுச் சத்துமாவில் உள்ள இரும்பு உடம்பில் அவ்வளவாகச் சேராது. இனிப்புக்கு நம்ம ஊர்ப் பூவன் பழத்தை மசித்துக் கலந்தால் போதும். குழந்தை பிஸ்கட்டெல்லாம் என்னைக் கேட்டால் வீண் செலவு.