ஆங்கிலத்தில் 'இஃப்' வந்தால் 'வேர்' கட்டாயமா?

"நேற்றைய மீட்டிங் பற்றிய மின்னஞ்சலில் 'இஃப் ஐ வேர் ரூட் எஸ்டர்டே, ஐ அப்போலஜைஸ்' என்று எழுதினேன். மேலாளர் வேரை வாஸ் ஆக்கிவிட்டார். இஃப் ஐ என்றால் வேர்தானே?"

வணக்கம். மேலாளர் திருத்தியது சரி. வேர் வருவதற்குக் காரணம் இஃப் அல்ல, சொல்லும் நிலை உண்மையில் இல்லை என்பதுதான். நேற்று நீங்கள் கடுமையாகப் பேசியிருக்கவும் கூடும், பேசாமல் இருந்திருக்கவும் கூடும். அப்படித் திறந்து கிடக்கும் பழைய நிகழ்வுக்கு வாஸ்தான்.

நம் காது இங்கே ஏமாறுவது இயல்பு. 'நேற்று பேசியிருந்தால் மன்னியுங்கள்', 'நேற்று பேசியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்': தமிழில் இரண்டுக்கும் ஒரே 'பேசியிருந்தால்'. இரண்டாவதில் பேசவே இல்லை, அதனால் ஆங்கிலத்தில் அது 'இஃப் ஐ ஹேட் ஸ்போக்கன்' ஆகிவிடும்.

வாக்கியத்தோடு 'ஆனால் அப்படி இல்லை' என்று ஒட்டிப் பாருங்கள். 'இஃப் ஐ வேர் த மேனேஜர்', ஆனால் இல்லை, பொருந்துகிறது, வேர். உங்கள் மன்னிப்பு வரியில் ஒட்டினால் மன்னிப்புக்கே இடமில்லாமல் போகும்.

விஷ் வந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், அது எப்போதும் இல்லாததைத்தான் கேட்கும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு இன்று பினாங்கை ஏங்கினால் 'ஐ விஷ் ஐ வேர் இன் பினாங்'. பேச்சில் வாஸ் என்பாரும் உண்டு, அலுவலகக் கடிதத்தில் வேர் எழுதுங்கள். போன தைப்பூசத்துக்குப் போகாத ஏக்கம் என்றால் வேர் போதாது: 'ஐ விஷ் ஐ ஹேட் பீன் தேர்'.