20 நிமிடம் போதவில்லை என்றால் பயப்பட வேண்டுமா?

“37 வாரக் கர்ப்பம். நேற்று குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் என்எஸ்டி டெஸ்ட் எடுத்தார்கள். 20 நிமிடம் முடிந்ததும் ‘இன்னும் ரியாக்டிவ் ஆகவில்லை, படுத்திருங்கள்’ என்றார்கள். மறுபடி 20 நிமிடம் கழித்துச் சரி என்று அனுப்பிவிட்டார்கள். முதல் பாதியில் குழந்தைக்கு என்ன ஆச்சு?”

பெரும்பாலும் தூங்கியிருக்கும். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை ஒரே மூச்சில் 20 முதல் 40 நிமிடம்வரை தூங்கும். அப்போது கை கால் அசையாது, இதயத் துடிப்பும் ஏறாது. என்எஸ்டி தேடுவது அந்த ஏற்றத்தைத்தான். ஆரோக்கியமான குழந்தை அசையும்போது துடிப்பு எகிறும். 32 வாரத்துக்குப் பிறகு, 20 நிமிடத்துக்குள் இரண்டு முறையாவது துடிப்பு 15 கூடி, 15 விநாடியாவது அப்படியே நின்றால் ‘ரியாக்டிவ்’ என்கிறோம்.

உங்கள் டெஸ்ட் பதிவான தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் இதே போன்ற தாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேல்கோடு குழந்தையின் துடிப்பு, கீழ்க்கோடு கருப்பையின் இறுக்கம். மேல்கோடு 140-ஐ ஒட்டி ஓடுகிறது. 110 முதல் 160 வரை இயல்பு என்பதால் அதில் குறையில்லை. ஆனால் முதல் 22 நிமிடம் கோட்டின் நெளிவு சின்னதாக இருக்கிறது, நான்கைந்து துடிப்புக்கு மேல் ஏறி இறங்கவில்லை. விழித்திருக்கும் குழந்தைக்கு அது 5 முதல் 25 வரை இருக்கும். 24-ஆம் நிமிடம் நெளிவு பெரிதாகிறது, கோடு 158-க்கு ஏறி 20 விநாடி நிற்கிறது. 29-இல் இன்னொரு ஏற்றம். குழந்தை விழித்துவிட்டது, டெஸ்ட் முடிந்தது. தாள் நிமிடத்துக்கு 1 செ.மீ. ஓடினால் 15 விநாடி என்பது கால் செ.மீ. மட்டுமே. அதனால் வீட்டில் தாளை வைத்துக்கொண்டு நீங்களே அளக்க முயலாதீர்கள்.

40 நிமிடமும் கோடு ஏறாவிட்டால்கூட அது ஆபத்து என்ற முடிவல்ல. இந்த டெஸ்ட் நலமான குழந்தையையும் அடிக்கடி சந்தேகத்தில் நிறுத்தும். அடுத்து ஸ்கேனில் அசைவு, மூச்சசைவு, தசை முறுக்கு, பனிக்குட நீர் எல்லாம் பார்ப்பார்கள். எங்களை உடனே எழுந்து ஓட வைப்பது வேறு: நெளிவே இல்லாமல் நீளும் கோடு, அல்லது இறுக்கம் உச்சத்தைத் தொட்ட பிறகு துடிப்பு மெல்ல இறங்கி, இறுக்கம் விட்ட பின்பே ஏறுவது, அதுவும் திரும்பத் திரும்ப.

இன்னொன்று. கருவி சில நேரம் அம்மாவின் நாடியையே பிடித்துவிடும். அதனால்தான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்க்கிறோம். அப்புறம், மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.

நேற்றைய தாள் நேற்றைய நிலையைத்தான் சொல்கிறது. தொப்புள்கொடி சிக்கலோ நச்சுக்கொடி பிரிவதோ அதில் முன்கூட்டித் தெரியாது. இன்று அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், “நேற்றுதானே சரி என்றார்கள்” என்று காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.