முதல் ஸ்லைடிலேயே நோயின் பெயர் வேண்டாம்

*நான் மதுரையில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அக்டோபர் 10, உலக மனநல நாளுக்கு எங்கள் என்.எஸ்.எஸ். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆறு ஸ்லைடு கேரோசல் போடுகிறோம். ‘இந்த 5 அறிகுறி இருந்தால் உங்களுக்கு மன அழுத்தம்’ என்று முதல் ஸ்லைடு எழுதினேன். மேடம் வேண்டாம் என்கிறார். எப்படி மாற்றுவது அக்கா?*

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம் தங்கச்சி. செமஸ்டர் நெருங்கும்போது வரும் பதற்றத்தையும் நாம் மன அழுத்தம் என்கிறோம். சிகிச்சை தேவைப்படும் ‘டிப்ரஷன்’ நோயையும் பலர் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். டாக்டர்கள் இரண்டாவதை மனச்சோர்வு என்பார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், அரியருக்குக் கவலைப்படும் பெண் தனக்கு நோய் என்று பயப்படுவாள். உண்மையிலேயே மனச்சோர்வில் இருப்பவளோ ‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று விட்டுவிடுவாள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவது பெண்தான்.

அடுத்தது, ‘இருந்தால் உங்களுக்கு’ என்ற இணைப்பு. சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு போஸ்டர் எழுதினேன். மேலூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அதை போனில் படம் பிடித்து வந்து, ‘இதுல இருக்குறது எல்லாம் எனக்கு இருக்கு’ என்றார். அசதி, எடை கூடுதல், எதிலும் பிடிப்பில்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. ரத்தசோகையிலும் பி12 குறைவிலும்கூட இதே போன்ற சோர்வு வரும். டாக்டர் அறிகுறிகளை மட்டும் எண்ணுவதில்லை. இரண்டு வாரமாவது, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி இப்படி இருக்கிறதா, படிப்பும் வேலையும் கெடுகிறதா, உடம்பில் வேறு காரணம் உண்டா என்று கேட்டுத்தான் முடிவுக்கு வருவார். ஸ்லைடு கேள்வி கேட்கலாம், முடிவு சொல்லக் கூடாது.

அதனால் முதல் ஸ்லைடை, மனநல உதவி எண்ணோடு, இப்படி மாற்றிப் பாருங்கள்:

‘ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டலையா? தூக்கமும் சாப்பாடும் முன்ன மாதிரி இல்லையா? ஒருத்தர்கிட்ட பேசிப் பாருங்க: 14416.’

இரண்டாவதில்: ‘காரணம் பல இருக்கலாம். உடம்பில் சத்துக் குறைவு, தைராய்டு, துக்கம், மனச்சோர்வு. எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.’

‘ரெண்டு வாரமா’ என்ற வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், இன்றே பேசுங்கள்.’ இது இல்லாவிட்டால் ‘எனக்கு நாலு நாள்தானே ஆச்சு’ என்று ஒருவர் தள்ளிப்போடக்கூடும்.

எண்ணை முதல் ஸ்லைடிலேயே போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆறு ஸ்லைடையும் எல்லாரும் தள்ளிப் பார்ப்பதில்லை. பலர் ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எனவே தனியாகப் பிரித்துப் பார்த்தாலும் ஒவ்வொரு ஸ்லைடும் தவறான பொருள் தராமல் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

கடைசி ஸ்லைடில் ‘நிபுணரை அணுகவும்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் வழி தெரியாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். இதோடு ‘மனசு சரியில்லை, யார்கிட்டயாவது பேசணும் என்று ஆரம்பித்தால் போதும்’ என்றும் எழுதுங்கள். போனைக் கையில் எடுத்தவரைத் தடுப்பது பெரும்பாலும் முதல் வார்த்தைதான். படத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது, அதனால் பெரிதாகப் போடுங்கள். ஐந்து இலக்கம்தான், மனதில் நிற்கும். போஸ்ட் போடும் முன் நீங்களே ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள், என்ன கேட்கிறது, எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று தெரியும்.

நேரில் போக விரும்புபவர்களுக்கு, கோரிப்பாளையம் அருகே அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவைக் குறிப்பிடுங்கள். எந்தக் கட்டடம், புறநோயாளிச் சீட்டு எத்தனை மணி வரை என்பதை ஒருவர் போய்க் கேட்டு வந்து எழுதட்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

அப்புறம், இன்பாக்ஸ். ‘எனக்கு இது இருக்கா?’ என்று நிச்சயம் மெசேஜ் வரும், பெரும்பாலும் ராத்திரியில். ஆம், இல்லை என்று யாரும் பதில் சொல்லக் கூடாது. ‘சொன்னதுக்கு நன்றி. எங்களால் என்ன நோய் என்று சொல்ல முடியாது. 14416-ல் இப்பவே பேசலாம். இப்ப உங்ககூட யாராவது இருக்காங்களா?’ என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரவில் யார் பார்ப்பது என்று பெயர் போட்டுப் பிரித்து, மேடத்தின் எண்ணையும் அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பதிவிடுங்கள்.