ஊருக்கும் நகரத்துக்கும் ஒரே ஃபேன்

"கரண்ட் யூனிட் கணக்கை விளக்கி இன்ஸ்டாகிராமில் கரௌசல் போடுகிறேன். ஏசி, கீசர் என்று உதாரணம் சொன்னால் ஊரில் இருப்பவர்கள் ஒட்டவில்லை என்கிறார்கள். தண்ணி மோட்டார் என்றால் சென்னை நண்பர்கள் நகர்த்திவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் பொதுவான உதாரணத்தை எப்படிப் பிடிப்பது?"

ஊருக்கு ஒரு ஸ்லைடு, நகரத்துக்கு ஒரு ஸ்லைடு என்று மாற்றி மாற்றிப் போடத்தான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் ஒவ்வொருவருக்கும் பாதிக் கரௌசல் அந்நியமாகிவிடும். ஒரே பொருளை எடுத்து, அதையே கடைசி வரை அளவுகோலாக வையுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு அது சீலிங் ஃபேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பழைய ரக ஃபேன் சுமார் 75 வாட். அதனால் முதல் ஸ்லைடில் "ஃபேன் 13 மணி நேரம் ஓடினால் 1 யூனிட்" என்று போடுங்கள். அடுத்தது மிக்ஸி: 750 வாட் மிக்ஸியில் தினமும் 5 நிமிடம் சட்னி அரைத்தால், 1 யூனிட் ஆக 16 நாள் பிடிக்கும். முதல் ஸ்லைடைத் தாண்டிப் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் இரண்டாவதைக் காட்டும் என்பதால், அதுவும் தனியாகப் புரிய வேண்டும்.

ஏசியை விட வேண்டியதில்லை, மூன்றாவதாக வரட்டும். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 1500 வாட் இழுக்கும். அதை "20 ஃபேன் சேர்ந்து ஓடுவது போல" என்று சொன்னால் ஏசி இல்லாத வீட்டிலும் புரியும்.

மோட்டாரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு இடத்திலும் மோட்டார் உண்டு, ஆனால் ஊரில் ஸ்விட்ச் போடுவது நாம். அடுக்குமாடியில் அந்தச் செலவு மெயின்டனன்ஸ் பணத்தோடு போய்விடும், மோட்டாரைக் கண்ணால் பார்த்திராதவர்களே அதிகம். பொருள் இருக்கிறதா என்பதோடு, அதில் தினமும் யார் கை வைக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

ரூபாயிலும் இதே சிக்கல். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது சொந்த வீட்டுக்காரருக்குச் சட்டென்று புரியும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டு உரிமையாளரிடம் கொடுக்கும் வாடகைக்காரருக்கு அந்தக் கணக்கே வேறு. அதனால் யூனிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படத்திலும் கவனம் வேண்டும். பளபளக்கும் ஹாலைக் காட்டினால் அது யாரோ ஒருவர் வீடாகிவிடும். படுத்துக்கொண்டு பார்ப்பது போல, கீழிருந்து மூன்று இறக்கையை மட்டும் காட்டுங்கள்.

அப்புறம், போடுவதற்கு முன்னால் ஊரில் ஒருவர், நகரத்தில் ஒருவர் என்று இருவருக்கு அனுப்புங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், "இதை உங்கள் வீட்டை வைத்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "எங்க ரூம் ஃபேன் ராத்திரி பூரா ஓடுது, அப்போ..." என்று தொடங்கினால் உதாரணம் பிடித்துவிட்டது. உங்கள் வரியையே திருப்பிச் சொன்னால் அந்த ஸ்லைடை மாற்றுங்கள்.